முகம் இல்லாத காட்சி

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். காதோரம் நரைத்த பிறகும் அது மாறவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம்பிடிப்பது சின்னவளின் வேலை. அவள் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவதை வெட்டி, ஒட்டி, ஒரு படமாக்குவது அவளுடைய அக்காவின் வேலை. இருவரும் சேர்ந்து எடுக்கும் படங்களில் யாரும் கேமராவைப் பார்த்துப் பேசமாட்டார்கள். பேட்டி கிடையாது. பின்னாலிருந்து விளக்கம் சொல்லும் குரலும் கிடையாது. நடப்பது பாட்டுக்கு நடக்கும். சின்னவள் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "உனக்கு வாயைத் திறக்கச் சோம்பல். அதுக்குக் கொள்கைன்னு ஒரு பேர் வச்சுட்டே" என்று அக்கா கேலி செய்வாள்.

இந்த முறை அவள் போய் நின்றது செயற்கைக் கண் செய்யும் ஓர் அம்மாளின் பட்டறையில். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில், பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்குக்கு மேல்மாடியில் இரண்டே அறைகள். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே அனுப்புவார்கள். கீழே பல் கட்ட வந்தவர்கள் தவறி மேலே ஏறி வந்து, தட்டில் வரிசையாக விழித்துக்கொண்டிருக்கும் கண்களைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் இறங்கிப் போவதும் உண்டு. அந்தத் தெருவில் அந்த அம்மாளைக் கண்ணுக்காரம்மா என்பார்கள்.

கண்ணுக்காரம்மாவுக்குச் சும்மா இருக்க வராது. கேமராவைக் கண்டதும் சமையல் நிகழ்ச்சி நடத்துகிறவர் மாதிரி ஆகிவிட்டார். இப்போது மெழுகை உருக்குகிறேன் பாருங்கள், இப்போது அச்சை வெந்நீரில் போடுகிறேன் பாருங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தார். சின்னவள் எதிர்வாதம் செய்யவில்லை. அவர் கேமராவிடம் பேச ஆரம்பித்தால் கேமராவைத் தாழ்த்திக்கொள்வாள். அவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தால் மறுபடி தூக்குவாள். இரண்டொரு தடவை, "விட்டுட்டீங்களோ? மறுபடி செய்யட்டுமா?" என்று அவரே இரக்கப்பட்டுக் கேட்டார். வேண்டாம் என்று சின்னவள் தலையாட்டினாள். விட்டது விட்டதுதான். ஒருவரை ஒரு காரியத்தைத் திரும்பச் செய்யச் சொன்னால், அவர் அதற்கப்புறம் அதைச் செய்யமாட்டார், செய்து காட்டுவார். கடைசியில் ஆட்கள் வந்து குவிந்த ஒரு திங்கட்கிழமை, வேலை மும்முரத்தில் கண்ணுக்காரம்மாவுக்குக் கேமரா மறந்துபோனது. படம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

விளக்கு எதுவும் போட முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து, சட்டைப் பொத்தான் அளவு வில்லையில் கருவிழியின் நிறத்தைத் தீட்டுவது ஜன்னல் வெளிச்சத்தில்தான். வேறு வெளிச்சம் விழுந்தால் நிறம் ஏமாற்றிவிடும். அதனால் மேகம் வந்தால் கண்ணுக்காரம்மா தூரிகையைக் கீழே வைப்பார், சின்னவள் கேமராவைக் கீழே வைப்பாள். இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கேதான் அந்த வெல்டர் வந்தார். வேலையில் பொறி தெறித்து இடது கண் போனவர். கூடவே மனைவி. படம் எடுக்கலாமா என்று கேட்டதற்குத் தாராளமாக எடுங்கள் என்று சொல்லி, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டார். அளவெடுத்தது, மெழுகில் வடிவம் வைத்துப் பார்த்தது, கருவிழி தீட்டியது, வெள்ளைப் பரப்பில் சிவப்புப் பட்டு இழைகளைப் பிரித்து ரத்த நாளங்களாகப் பதித்தது எல்லாவற்றையும் சின்னவள் எடுத்தாள். வில்லையின்மேல் கண்ணுக்காரம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். மேலே கண்ணாடி மாதிரி மூடிய பிறகு நிறம் எப்படித் தெரியும் என்று பார்க்க அதுதான் வழி. சொட்டு விழுந்ததும் வெறும் சாயம் சட்டென்று ஆழம் கொண்டு ஒரு பார்வையாக மாறுவதைச் சின்னவள் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

பொருத்திப் பார்க்கும் நாளும் வந்தது. கண்ணுக்காரம்மா மேலிமையைத் தூக்கிக் கண்ணை உள்ளே நழுவ விட்டபோது, அவருடைய தோள் கேமராச் சட்டமெங்கும் நிறைந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தோள் விலகியதும் வெல்டரின் முகம் கிடைத்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பி, "ரெண்டுல எது புதுசு, சொல்லு பார்ப்போம்" என்றார். மனைவி சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, எங்கே அழுகையாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்த அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இதற்காகத்தான் இத்தனை நாளும் போய் நின்றாயா என்று கேட்டாள். அந்தக் காட்சியைக் கடைசியில் வைத்து, மற்றதெல்லாம் அதை நோக்கிப் போகும்படி படத்தைக் கட்டினாள். மற்றவர்களைக் குறைத்தாள், வெல்டரைக் கூட்டினாள். முதல் வடிவம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. படத்துக்குக் காசு கொடுத்த நிறுவனமும் பார்த்துத் தலையாட்டிவிட்டது.

அப்புறம்தான் வெல்டர் போன் செய்தார்.

தயங்கித் தயங்கித்தான் பேசினார். வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை கிடைத்திருக்கிறதாம். சேர்ந்தாகிவிட்டது. வேலை கொடுத்தவருக்குக் கண்ணைப் பற்றித் தெரியும். கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது.

"முன்னாடி எல்லாரும் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாங்க. தரையைப் பார்த்துப் பேசுவாங்க. இங்க எல்லாரும் சாதாரணமா பார்க்கறாங்க. இது வெளியில வந்தா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஆனா எது பொய்க்கண்ணுன்னு தேடுவாங்க. நான் கையெழுத்துப் போட்டேன், இல்லேங்கல. என் முகம் வராம பண்ண முடியுமான்னு கேட்டுப் பார்க்கறேன், அவ்வளவுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று சின்னவள் போனை வைத்தாள். யோசிக்க ஒன்றுமில்லை என்பது அக்காவின் கட்சி. கையெழுத்து இருக்கிறது, படம் முடிந்துவிட்டது, அந்த முகத்தை எடுத்தால் மிச்சம் வெறும் பட்டறைதான். முகத்தை மங்கலாக்கலாம் என்றாள். கண் செய்கிற படத்தில் கண்ணை மங்கலாக்குவதா என்று அவளே சிரித்தாள்.

"அக்கா, அந்தக் கண்ணோட வேலையே யாரும் அதைக் கவனிக்காம இருக்கறதுதான்," என்றாள் சின்னவள். "அந்தம்மா மாசக்கணக்கா உட்கார்ந்து அதைத்தான் செஞ்சிருக்காங்க. நாம ஒரே நாள்ல அதைக் கெடுத்துடுவோம்."

அக்கா திரையை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள். ஆனால் மறுநாள் காலையில் சின்னவள் காப்பியோடு உள்ளே போனபோது, வெல்டரின் முகம் இருந்த துண்டுகளை எல்லாம் அக்கா தனியே ஒதுக்கியிருந்தாள். கருவிழி தீட்டும் பகுதி பிழைத்துக்கொண்டது. வெல்டரின் பின்னந்தலை, அதற்கு அப்பால் கண்ணுக்காரம்மாவின் பார்வை நிமிர்வதும் குனிவதும் போதுமானதாக இருந்தது. கடைசிக் காட்சி மட்டும் பல் பிடுங்கிய இடம் மாதிரி ஓட்டையாகக் கிடந்தது.

பிற்பகலில் அக்கா அவளைக் கூப்பிட்டு, புதிதாகக் கட்டிய முடிவைப் போட்டுக் காட்டினாள். தோள் மறைக்கிறது. இருட்டான அந்தச் சட்டத்தில் வெல்டரின் குரல், மனைவியின் சிரிப்பு. பிறகு கண்ணுக்காரம்மா, நெருக்கத்தில், கையின் பின்புறத்தால் தன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அக்காவே மூக்கை உறிஞ்சினாள்.

"முன்னதைவிட நல்லா இருக்கு," என்றாள் அக்கா.

நன்றாகத்தான் இருந்தது. சின்னவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது அவளுக்கு உறைத்தது. கண்ணுக்காரம்மாவின் கழுத்தில் முகமூடி தொங்கியது. அது கண்ணுக்கு மெருகு போடும் நாளில் எடுத்தது. அன்றைக்குத் தூள் பறந்து அவர் கண்ணில் விழுந்து, அதைத்தான் துடைத்தார்; துடைத்துவிட்டு அந்த இயந்திரத்தைத் திட்டவும் செய்தார். திட்டு தொடங்குவதற்கு முன்பே அக்கா வெட்டியிருந்தாள்.

"அவங்க அழல, அக்கா."

"எனக்குத் தெரியாதா? பார்க்கறவங்களுக்குத் தெரியாது."

"அந்தம்மாவுக்குத் தெரியும்."

நாம் எடுக்கும் படத்தில் யாரும் வாய் திறந்து, நான் அப்படி நினைக்கவில்லை என்று மறுக்க முடியாது. பேச விடுவதே இல்லை. அதனால் அவர்கள் படாததைப் பட்டதாகக் காட்டக்கூடாது என்று சின்னவள் நீளமாகச் சொன்னாள். அவள் இவ்வளவு பேசி அக்கா கேட்டதில்லை. கோபம் இருந்தாலும் அந்தத் துண்டை எடுத்துவிட்டாள். பிறகு, அப்படியானால் நீயே தேடிக் கொடு என்று நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டாள்.

சின்னவள் அன்றைய பதிவு முழுவதையும் ஆரம்பத்திலிருந்து போட்டாள். முகத்துக்கு அப்புறம் என்ன எடுத்தோம் என்பதே அவளுக்கு நினைவில் இல்லை. அக்கா அதை, ஒன்றும் நடக்காதது என்று கழித்துப் போட்டிருந்தாள். வெல்டரின் மனைவி அழத் தொடங்கியதும் கேமரா மெல்லத் திரும்பியிருந்தது. கண்ணுக்காரம்மா கைகழுவும் தொட்டியருகே, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கை கழுவினார். துடைத்தார். குழாயை மறுபடி திறந்து, சுத்தமான கையை மறுபடி கழுவினார். பின்னால் அவர்கள் இருவரும் பேசி ஓயும்வரை அவர் திரும்பவே இல்லை. நாள் முழுக்கப் பேசுகிற மனுஷி ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா வந்து நின்று பார்த்தாள். உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். தோளிலிருந்து நேரே தொட்டிக்கு வெட்டினாள். நடுவில் இருந்த முகம் போனதால் குரலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளித் தொட்டிக் காட்சியின்மேல் வைக்க வேண்டியிருந்தது. இதுவும் பொய்யா என்று முறைத்துக்கொண்டே கேட்டாள். அதே அறை, அதே ஆட்கள், அந்தச் சில நிமிஷத்துக்குள்தான், யாரும் செய்யாத எதையும் செய்ததாகக் காட்டவில்லை, அதனால் பொய்யில்லை என்று சின்னவள் ஒப்புக்கொண்டாள். ஒட்டுத் தெரியாமல் இருக்க, சின்னவள் தனியாகப் பதிந்து வந்திருந்த காலி அறையின் சத்தத்தை அக்கா அடியில் விரித்தாள். குழாய்த் தண்ணீரின் ஓசைக்கு மேல், "ரெண்டுல எது புதுசு" என்று ஒரு குரல். அப்புறம் சிரிப்பு. திரையில் ஒரு முதுகு மட்டும்.

வெல்டரும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். முடிந்ததும் குரலையும் எடுத்துவிட வேண்டுமா என்று சின்னவள் கேட்டாள். அவர் மனைவியைப் பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார் அந்த அம்மாள். "நான் அப்படிச் சிரிச்சேன்னு எனக்கே தெரியாது."

கண்ணுக்காரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, என் முதுகு இவ்வளவு அகலமா என்று மட்டும் கேட்டார். நிறுவனத்துக்காரர்கள் பழைய முடிவு எங்கே என்று கொஞ்சம் முகம் சுளித்தார்கள். அக்காவே போய்ச் சண்டை பிடித்துச் சரிக்கட்டிவிட்டு வந்தாள்.

படம் ஒரு சின்ன அரங்கில் திரையிடப்பட்டபோது வெல்டரும் மனைவியும் வந்து, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முடிந்த பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த ஒருவர் வெல்டர் பக்கம் திரும்பி, படம் பிரமாதம், ஆனால் அந்த ஆளின் முகத்தை ஒரு தடவையாவது காட்டியிருக்கலாம் என்று குறைப்பட்டாராம். வெல்டர் அவரை நேருக்கு நேர் பார்த்து, ஆமாம், எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றாராம். வாசலில் இதைச் சொல்லும்போது வெல்டரின் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்னவளும் அக்காவும் அவர்களோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்து போய், வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள்.