ஒரு இஞ்சும் பத்தேக்கரும்

கோம்பை குருவப்பண்ணன் இடுப்பில் எப்போதும் டேப்பு இருக்கும். கம்பத்தில் என் பைப்புக் கடைக்கு வந்து, தோட்டத்து ஒரு இஞ்ச் ஜிஐ பைப்பை இணைக்க சாக்கெட் கேட்டார். ஒரு இஞ்ச் சாக்கெட்டை எடுத்து வைத்தேன்.

"ஏம்மா ஜெபராணி, பைப்ப வெளிய அளந்தேன். ஒன்னேகாலுக்கு மேல வருது. ஒன்னேகாலே குடு."

ஒரு இஞ்ச்தான் சேரும் என்று சொன்னேன், கேட்கவில்லை. எனக்குப் பைப்பு விற்கத் தெரியாதாம்! கொடுத்துத் தொலைத்தேன்.

மறுநாளே வந்து கத்தினார். சாக்கெட்டுக்குள் பைப்பு லொடலொடவென்று ஆடுகிறதாம், மரை பிடிக்கவில்லையாம், என் சரக்கு டூப்ளிகேட்டாம்.

"அண்ணே, ஒரு இஞ்ச்ங்கிறது பைப்போட பேரு. அதோட வெளி அளவு முப்பத்துமூணு மில்லிமீட்டருக்கு மேல, ஒன்னேகால் இஞ்சத் தாண்டத்தான் செய்யும். கனமான பைப்புன்னாலும் உள்ளதான் குறுகும், வெளிய மாறாது. பைப்புக்கு என்ன பேரோ, அதே பேருலதான் சாக்கெட் வாங்கணும்."

"அளந்தா ஒத்துவராத பேரு எந்த ஊருல இருக்கு?" என்று டேப்பை உருவினார்.

"கோம்பையிலதான். மகனுக்குப் பொண்ணு பேசுனப்ப 'பத்தேக்கர் தோட்டம்'னுதான சொன்னீக? இருக்கிறது ஏழு. அன்னைக்கு இந்த டேப்பு எங்க போச்சு?"

டேப்பு சரக்கென்று உள்ளே போனது.

"ஒரு இஞ்சே குடும்மா. மெதுவாப் பேசு, சம்பந்தி வெளிய ஜீப்புல இருக்காக."