நிழலில் நின்றவர்

முகம்மது ஹனீபாவிடம் ஒரு வீம்பு உண்டு. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது. சவூதியில் இருபது வருடம் லாரி ஓட்டிய மனிதருக்குச் சிறுநீரகம் ரெண்டும் கைவிரித்த பிறகும் அந்த வீம்பு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் தக்கலையில் டயாலிசிஸ். மனைவி ஜுபைதா பீவி கூட வருகிறேன் என்றால் முறைப்பார். முழுக்கைச் சட்டை போட்டு, ஊசி குத்தும் இடது கையை மறைத்துக்கொண்டு தனியாகவே மினி பஸ் ஏறுவார். பஸ்ஸில் யாருக்கும் தன் நோய் தெரியாது என்பது அவர் நினைப்பு.

ஆலடி நிறுத்தத்தில் தக்கலை போகிறவர்கள் நிற்க வேண்டிய பக்கம் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் எல்லாரும் எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலில்தான் நிற்பார்கள். டிரைவர் ஜான்ரோஸுக்கு அது தெரியும். வளைவிலேயே ஹாரன் அடிப்பார், ஆட்கள் ரோட்டைத் தாண்டி வந்து ஏறும்வரை நிறுத்தி வைப்பார். கை காட்டும் பழக்கமே அந்த நிறுத்தத்தில் செத்துப்போய்விட்டது.

அன்று தக்கலை போக ஹனீபா ஒருவர்தான் நிழலில் நின்றார். ஹாரன் சத்தம் கேட்கவில்லை, பஸ் வந்துவிட்டது. பதறிப்போய்க் குடையைத் தூக்கினார். ஸ்டியரிங்கில் ஜான்ரோஸ் இல்லை, ஒரு புதுப் பையன். எதிர்ப்பக்கம் நிற்கிறவர் குளச்சல் போகிறவர் என்றுதானே எவனும் நினைப்பான்? ‘அந்த வண்டி பின்னால வருது’ என்று கையால் சைகை காட்டிவிட்டு அவன் போய்க்கொண்டே இருந்தான்.

அடுத்த மினி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரம் தப்பினால் மெஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். போன தடவை ஒரு நாள் தவறியதற்கே ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். டீக்கடைக்காரர் ஆட்டோவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் நேரம், ஒருவரும் எடுக்கவில்லை. ஹனீபாவுக்கு அந்தப் பையன் மேல் கோபம் வந்தது, நிழல் தேடிய தன் மேல் அதைவிடக் கூடுதலாக வந்தது.

அப்போது பஸ் போன பக்கத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. பார்த்தால், பஸ் பின்பக்கமாக ஊர்ந்து வருகிறது. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் ஓடை, வண்டியைத் திருப்ப இடமில்லை. கண்டக்டர் ரெனிஷ் ரோட்டில் இறங்கி, “வரலாம், வரலாம், ஒடிச்சு வா” என்று தட்டித் தட்டி அழைத்து வருகிறான்.

“பைய ஏறுங்க காக்கா, அவசரப்படாண்டாம்.”

படியில் கால் வைத்த ஹனீபா திகைத்தார். உள்ளே எள் போட இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஆட்கள். ஆனால் வாசலை ஒட்டிய ஒற்றைச் சீட் மட்டும் காலியாகக் கிடந்தது. அவர் வழக்கமாக உட்காரும் சீட். இத்தனை மாதமும் அது தன் அதிர்ஷ்டத்துக்குக் காலியாகக் கிடைக்கிறது என்றே எண்ணியிருந்தார்.

பக்கத்தில் மீன் சருவத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ராகேல் நின்றிருந்தாள். குளச்சலில் ஏலம் எடுத்துத் தக்கலையில் விற்கிறவள்.

“ஆலடி தாண்டியும் சீட்டு சும்மா கெடக்கே, காக்கா ஏறல்லியேன்னு நான்தான் கண்டக்டர்ட்ட சொன்னேன்” என்றாள்.

“நீ இதுல இருந்திருக்கலாமே மக்கா. குளச்சல்லேருந்து நின்னுட்டா வாற?”

“அது ஒங்களுக்க சீட்டுல்லா. ஊசி போடுத கைய வச்சு கம்பியப் பிடிக்க ஒக்குமா? நாங்க யாரும் இருக்க மாட்டோம்.”

ஹனீபா சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது கட்டுப் போட்ட கையோடு வருவதை இவர்கள் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? அறிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், தன் வீம்பையும் சேர்த்துத்தான் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. தன்னால் எல்லாருக்கும் தாமதம் என்று அவர் பயந்ததுபோல ஒரு முகமும் சுளிக்கவில்லை.

“ஜான்ரோஸ் அண்ணன் லீவு. எனக்குத் தெரியாமப் போச்சு காக்கா” என்றான் புது டிரைவர், கண்ணாடி வழியாக.

“ஒம்மேல தப்பில்ல மோனே. நான்தான் நிக்க வேண்டிய எடத்துல நிக்கல்ல.”

ரெனிஷ் இரட்டை விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்தது. “தக்கலை ஒண்ணு” என்று ஹனீபா சொல்வதற்கு முன்பே டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். அவர் சில்லறையைக் கொடுத்தார். மெஷினுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த முறை ஜான்ரோஸ் வண்டி வந்தபோது ஆலடியில் வெயில் பக்கம் ஹனீபா நின்றிருந்தார். வண்டி வளைவில் வரும்போதே கையை நன்றாக நீட்டியிருந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.