பெட்டி கட்டு, மத்தியில நில்லு

மேகலா பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை ஆங்கிலத்தில் தலையில் கட்டினார்கள். மைட்டாசிஸ் என்ற செல் பிரிவு அவளுக்குப் புரியாமல் இல்லை. முதல்நிலை, நடுநிலை, பிரிநிலை, முடிவுநிலை என்று தானே பேர் வைத்து உருப்போட்டிருந்தாள். தேர்வில் எழுத வேண்டியதோ புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். வம்பு அங்கேதான். 'மு' என்று மனசு தொடங்கியதும் கை M-ல் தொடங்கும் மெட்டாஃபேஸை முதலில் எழுதிவிட்டது. பிறகு எல்லாம் தாறுமாறு. பத்துக்கு இரண்டு.

அப்பா ஜோதிலிங்கம் கத்தவில்லை. "பிராக்டிகல்லயும் இப்படின்னா இங்க நரேலாவுலயே ஒரு ஸ்கூல்ல சேத்துடறேன். ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல போயி ரெண்டு மார்க்கா?" என்றார். நியாயமான கேள்விதான், அதுதான் கொடுமை. இப்போது படிக்கும் பள்ளியில்தான் சுபிக்ஷா இருக்கிறாள். டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் இருவர் வீட்டுக்கும் ஒரே சுவர். கேம்ப்பை இடித்தபோது மேகலா வீட்டுக்கு ஊரின் மறுகோடியில் நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது. சுபிக்ஷா வீட்டுக்குக் கிடைக்கவில்லை, ஜங்புராவிலேயே வாடகை அறை. இப்போது பார்த்துக்கொள்வது பள்ளியில் மட்டும்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் விஷயத்தைக் கேட்ட சுபிக்ஷா டிபன் மூடியில் பேனாவால் P, M, A, T என்று எழுதினாள்.

"மொதல், நடுவெல்லாம் விட்டுடு. இந்த எழுத்துல ஆரம்பிக்கிற மாதிரி தமிழ்ல சொல்லு. P-ல குரோமோசோம் சுருண்டு தடியாவுது."

வீடு காலி செய்த காலை மேகலாவின் கண்முன் வந்தது. "பெட்டி கட்டு."

"அச்சா. M-ல நடுவுல வரிசையா நிக்கும்."

"மத்தியில நில்லு." சாமானோடு எல்லோரும் தெரு நடுவில்தான் நின்றார்கள்.

"A-ல பிரிஞ்சு ரெண்டு பக்கமா போவுது."

"ஆளுக்கொரு பக்கம்."

கடைசியைச் சுபிக்ஷாவே மெதுவாகச் சொன்னாள். "T-ல ரெண்டையும் சுத்தித் தனித்தனியா சவ்வு வருது. தனித்தனி வீடு."

மேகலா நாலையும் விரல் மடக்கி வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள்.

பிராக்டிகலில் மேடம் மைக்ரோஸ்கோப்பில் வெங்காய வேர் நுனி ஸ்லைடை வைத்து, உள்ளே முள் காட்டும் செல் எந்த நிலையில் இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்றிருந்தன. மத்தியில நில்லு. "மெட்டாஃபேஸ், மேம்." அடுத்தது? ஆளுக்கொரு பக்கம். "அனாஃபேஸ்." பிறகு? "டீலோஃபேஸ்." வாய் தடுமாறவில்லை. மேடம் கடைசியாக ஒன்று கேட்டார். மேகலா ஒரு நொடி யோசித்துப் பதில் சொன்னாள். மேடம் தலையாட்டிப் பத்துக்கு ஒன்பது போட்டார்.

வெளியே சுபிக்ஷா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ஜல்தி சொல்லுடி, என்ன கேட்டாங்க?"

"தனித்தனி வீட்டுக்குப் போனப்புறம் ரெண்டும் வேற வேறயா ஆயிடுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆவாதுன்னு. உள்ள இருக்கிறது ரெண்டுலயும் அதேதான்னு."

சுபிக்ஷா அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தாள்.