பச்சை மூங்கில் இரண்டு, தென்னோலை நான்கு

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்க இடம் கிடையாது. வருத்தத்தில் சொல்லவில்லை, அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். பேட்டையில் ஆறு வீடுகள் உள்ள வளவில் மூன்றாவது வீடு எங்களுடையது. ஒரே அறை, பின்னால் ஆள் திரும்பினால் சுவரில் இடிக்கும் சமையல்கட்டு. அறையில் பாதியை மாமனாரின் கட்டில் பிடித்துக்கொண்டது. மீதியில் பீரோ, என் தையல் மிஷின், நான், என் வீட்டுக்காரர் ஜேக்கப்.

மாமனார் பெயர் தொம்மை. உவரியில் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் எட்டு மாதமாக எங்களோடு இருக்கிறார். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். உவரியில் இருந்துகொண்டு அதற்கு வந்துபோக முடியாது.

டிசம்பர் பிறந்ததும் ஒரு நாள் சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்.

"பெருநாள் கழிஞ்சதும் நான் ஊருக்குப் போறேன். இனிமே அந்த மிஷின் வேண்டாம்."

டயாலிசிஸ் மிஷின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துத்தான் சொல்லியிருந்தார். மாமாவுக்கும் தெரியும்.

"ஏன் மாமா?"

"இங்கன செத்தா தூக்க நாலு பேரு உண்டா? என்னை யாருக்குத் தெரியும்? உவரின்னா கரையே திரண்டு வரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இருக்கும்போது கஞ்சி ஊத்த நான் இருக்கேன். நீங்க தூக்குறதுக்கு ஆள் தேடுதிய" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் தன் துணிகளை ஒரு ரெக்சின் பையில் அடுக்கி, கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினார். தையல் மிஷினில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் அந்தப் பைதான் கண்ணில் படும்.

வளவுக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எதிர்வீட்டு ஆபிதா பீவி அக்கா தினமும் "சாப்பிட்டியளா மாமா?" என்று கேட்பார். இவர் "ம்" என்பார். ஆட்டோ ஓட்டும் பலவேசம் அண்ணன் வணக்கம் சொல்வார். அதற்கும் "ம்" தான். ஒற்றை எழுத்தில் பதில் சொல்கிற மனிதரிடம் யார்தான் உட்கார்ந்து பேசுவார்கள்?

ஒன்றே ஒன்று கேட்டார். கடைசிப் பெருநாளுக்கு வீட்டில் ஒரு மரம் வைக்க வேண்டுமாம். உவரியில் மாமியார் இருந்த காலத்தில் காய்ந்த உடைமரக் கிளையை வெட்டி, சுண்ணாம்பு அடித்து, பஞ்சு ஒட்டி வைப்பார்கள். அந்தக் கிளை ஆள் அகலத்துக்கு விரியும், விரல் நீளத்துக்கு முள். மாமாவின் இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி ஏறும். அந்தக் கையில் ஒரு கீறல்கூடப் படக்கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் உடைமுள்ளை நிறுத்த நான் என்ன பைத்தியமா? என் சிநேகிதி லிண்டா தன் பழைய பிளாஸ்டிக் மரத்தைத் தருகிறேன் என்றாள். அதற்கு அடியில் மட்டும் மூன்றடி வேண்டும். மரத்தை வைத்தால் மிஷினை எடுக்க வேண்டும்.

தரையில் இடமில்லை, சுவரில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். ஜாக்கெட்டுக்கு வெட்டுகிற பிரவுன் தாளில் வரைந்தேன். ஐந்தடி உயரம், அடியில் மூன்றடி, உச்சியில் கூம்பு. நீளப் பட்டை இரண்டு, மேலே போகப்போகக் குறுகும் குறுக்குப் பட்டை ஐந்து. அதில் தென்னோலையைக் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகக் கட்ட வேண்டும். அப்போதுதான் மேல்வரிசை கீழ்வரிசையின் முடிச்சை மூடும். மரம் நல்லபடியாக அமைந்தால் மாமாவின் மனம் இளகுமோ என்ற ஆசை எனக்கு. வேறு வழியும் தெரியவில்லை.

வெட்டிய ஓலை மூன்று நாளில் பழுப்பாகிவிடும் என்பதால் இருபத்துமூன்றாம் தேதிதான் ஜேக்கப்பிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பச்சை மூங்கில் இரண்டு, தென்னோலை நான்கு, கயிறு.

மூங்கில் கடைக்காரர் சீட்டைப் பார்த்தாராம், ஜேக்கப்பின் முகத்தைப் பார்த்தாராம். எதற்கு என்று கேட்கவே இல்லையாம். மூங்கிலை அளந்து வெட்டி, ஓலையைச் சேர்த்துக் கட்டி, கூடவே ஒரு மண்சட்டியும் வைத்து வண்டியில் ஏற்றிவிட்டார். சட்டி எதற்கு என்று இவரும் கேட்கவில்லை. எங்கள் கரையில் அடக்கத்துக்குப் பெட்டிதான், அதனால் இவருக்கு உறைக்கவில்லை என்று பிறகு சமாதானம் சொன்னார். பத்து வருடமாகப் பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

மூங்கில் அறைக்குள் நுழையவில்லை. எல்லாவற்றையும் வாசலில் குறுக்கே போட்டுவிட்டு, சீரியல் பல்பு வாங்க இவர் மறுபடி கிளம்பிப் போனார். மணி மூன்று இருக்கும். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். நான் பெருநாள் ஜாக்கெட்டுகளை விரட்டி விரட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தில் வெளியே நடந்தது எதுவும் கேட்கவில்லை.

முதலில் ஆபிதா அக்கா வந்தார். தலையில் முக்காடு, கையில் பிளாஸ்க். வந்தவர் பேசாமல் என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். "ரெண்டு நாளைக்கு நீ அடுப்பு பத்தவைக்காத. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து நானும் அவர் முதுகைத் தடவினேன். வாசலில் முதல் வீட்டு இசக்கியப்பன் அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வளவே நின்றது. பக்கத்துத் தெரு ஆட்கள்கூட வந்திருந்தார்கள். பலவேசம் அண்ணன் அரிவாளும் கையுமாகக் குந்தி உட்கார்ந்து எங்கள் மூங்கிலைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"ஏளா கிரேஸி, என்ன கூட்டம்?" என்று கேட்டபடி மாமா எழுந்து உட்கார்ந்தார்.

ஆபிதா அக்கா "யா அல்லா" என்று பிளாஸ்கை விட்டுவிட்டார். அப்போதுதான் நான் மூங்கிலைப் பார்த்தேன், ஓலையைப் பார்த்தேன், சட்டியைப் பார்த்தேன். பாடை கட்டுகிற சாமான் அத்தனையும் எங்கள் வாசலில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஜேக்கப் வந்து சேர்ந்தார். நாற்காலி, கூட்டம், அரிவாள் எல்லாவற்றையும் பார்த்ததும் வண்டியைக் கீழே போட்டுவிட்டு "அப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். மூங்கிலை வாங்கிப் போட்டவரே இவர்தான்.

"ஏலே, அழாத. நான் இன்னும் இங்கனதான் இருக்கேன்" என்றார் மாமா.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசலையே வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் எனக்காவா வந்திய?"

ஆபிதா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீரு எதுக்கு வே அரிவாளோட வந்தீரு?"

பலவேசம் அண்ணன் நெளிந்தார். "கட்டத்தான் அண்ணாச்சி. இந்த வளவுல எந்த வீடுன்னாலும் நான்தான் கட்டுவேன்."

"எங்களுக்குப் பெட்டிதான வே?"

"பதட்டத்துல அதெல்லாம் ஓடுதா? மூங்கிலப் பாத்தேன், வந்துட்டேன்."

"தூக்கவும் வருவீரோ?"

"வராம? நான் ஒரு பக்கம், இசக்கியப்பன் ஒரு பக்கம். இன்னும் ரெண்டு பேருக்கா பஞ்சம்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாமியார் அடக்கத்தில்கூட அழாதவர்.

நான் பிரவுன் தாளை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். இசக்கியப்பன் அண்ணாச்சிக்கு மனசு ஒப்பவில்லை. "சாவுக்குன்னு வெட்டுன மூங்கில வீட்டுக்குள்ள கொண்டு போவாதீய. வேற வாங்கிக்கிடலாம்" என்றார்.

"என் பேருக்கு வந்த மூங்கில். நான் சொல்லுதேன், உள்ள வரட்டும். பலவேசம், அரிவாளோட வந்தாச்சி, கட்டிட்டே போம்" என்றார் மாமா.

முழு மூங்கிலைச் சுவரில் அடிக்கிற ஆணி தாங்காது. பலவேசம் அண்ணன் அதை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, உள்கணுவைச் செதுக்கி, சிலாம்பு குத்தாமல் இரு விரல் அகலப் பட்டையாக்கினார். கயிற்றை வாளியில் நனைத்துக் கட்டினோம். காயும்போது அது இறுகிக்கொள்ளும். உச்சி முடிச்சை மாமாதான் போட்டார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் சுற்ற, மறுமுனையை இசக்கியப்பன் அண்ணாச்சி பிடித்தார். வலையில் போடுகிற முடிச்சாம். பலவேசம் அண்ணன் இழுத்துப் பார்த்தும் அசையவில்லை. மட்டை கனம் என்பதால் ஓலையை மட்டும் கிழித்து, கொத்துக் கொத்தாகப் பட்டையில் மடித்துக் கட்டினோம். ஆபிதா அக்கா மிஞ்சிய ஓலையில் கிளி செய்து தொங்கவிட்டார். பல்புச் சரத்தை ஓலையில் படாமல் மூங்கிலோடு சுற்றினேன். ஓலை காயக் காயத் தீப்பிடிக்கும் என்பதால் மெழுகுவர்த்தி கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். மண்சட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் குடிலை அமைத்தேன். குழந்தை இயேசு ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுவரில் மாட்டியபோது மரம் ஒரு சாண்கூட முன்னால் வரவில்லை. அதற்குக் கீழே மிஷின் எப்போதும்போல இருந்தது. அன்று மாலை அந்த அறையில் பதினொரு பேர் உட்கார்ந்து காபி குடித்தோம். எப்படி உட்கார்ந்தோம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இருபத்தாறாம் தேதி டயாலிசிஸ் முறை. ஊருக்குப் போவதாக மாமா சொன்ன நாளும் அதுதான். நான் காலையில் எதுவும் கேட்கவில்லை. கேட்டு, வேண்டாத பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். வாசலில் பலவேசம் அண்ணனின் ஆட்டோ வந்து நின்றது. நான் கூப்பிடவில்லை, ஜேக்கப்பும் கூப்பிடவில்லை.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சி."

மாமா எழுந்து சட்டையைப் போட்டார். ஆணியில் தொங்கிய பையை ஒரு கையால் எடுத்தார். பையை என் மிஷின்மேல் வைத்துவிட்டு, நுனி பழுக்கத் தொடங்கியிருந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"துணியெல்லாம் பீரோவுல வச்சிரு. ஓலை காஞ்சதும் பிச்சுப் போட்டுரு. சட்டத்தை மட்டும் அவுத்துராத, கட்டிலுக்கு அடியில பத்திரமா வை. அடுத்த வருசம் கட்டுறதுக்கு ஆவும்."

எதிர்வாசலில் நின்ற ஆபிதா அக்கா, "சாப்பிட்டியளா மாமா?" என்று கேட்டார்.

"ரெண்டு இட்லி சாப்பிட்டேன் தாயி. நீ சாப்பிட்டியா?" என்றார் மாமா.

ஆட்டோ கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அந்த மூங்கிலுக்கு முன்னால் முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். கர்த்தருக்கும் சொன்னேன், எதற்கு என்று கேட்காத கடைக்காரருக்கும் சொன்னேன்.