நாலு நாற்பதுக்கு விட்டுப்போன பேச்சு

போன பயிலரங்கில் மணி நாலு நாற்பதுக்கு யார்டுத் தொழிலாளி செல்வதுரை கையைத் தூக்கினார். அட்டவணையில் கடைசிப் பகுதி, 'குறைகள்'. மேலாளர் விஜயராஜின் தொடக்க உரை நீண்டுபோனதால் அதற்கு நேரமில்லை.

"அடுத்த தடவ பேசுவோம் அண்ணாச்சி" என்று பயிற்சி அதிகாரி ஐஸ்வர்யா ஃபைலை மூடினாள்.

அதிலிருந்து மூன்றாம் வாரம், துறைமுகச் சாலையில் சரக்குப் பெட்டிகள் அடுக்கும் அவர்களது கன்டெய்னர் யார்டில், பின்னோக்கி வந்த பெட்டி தூக்கும் வண்டி அடித்து அவர் இறந்துபோனார். 'கவனக்குறைவு' என்றது விசாரணை.

அவர் சொல்ல வந்தது என்ன? யார்டில் இருந்த ஆபத்து என்றால், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஐஸ்வர்யா கண்ணை மூடினால் அந்தக் கை தெரிந்தது. கூட்டங்களில் யாராவது தலை சொறியக் கையைத் தூக்கினாலும் அவளுக்குப் பேச்சு நின்றுபோனது.

இந்த முறை நோக்கத்தை ஒரே வரியில் எழுதினாள்: 'மாலைக்குள் மூன்று ஆபத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி.' ஒன்பதரைக்கே குறைகள். பேசுமுன் எல்லோரும் தாளில் எழுத வேண்டும். பதவியில் பெரியவர் கடைசியில் பேச வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் அரை மணி காலி, விட்டுப்போனதைப் பேச.

"ஏம்மா, என் பேச்ச எங்க காணோம்?" என்றார் விஜயராஜ்.

"கடைசில சார். நேரம் இருந்தா."

"நல்லா இருக்கே! மேலாளர வாசல்ல நிறுத்திட்டியே" என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

பயிலரங்கன்று காலை எட்டுத் தாள்கள் வந்தன. ஏழில் கழிப்பறை, கேன்டீன் சாம்பார். எட்டாவது வெற்றுத் தாள்.

"வேற ஏதாவது?" என்று கேட்டுவிட்டு ஐஸ்வர்யா வாயை மூடிக்கொண்டாள். மௌனத்தை நிரப்பக் கூடாது என்று தனக்குத்தானே எழுதி வைத்த குறிப்பு. ஒரு நிமிடம். இரண்டு. மின்விசிறி மட்டும் சுற்றியது. போன முறை செல்வதுரை உட்கார்ந்திருந்த காலி நாற்காலியை யாரும் பார்க்கவில்லை. அதனாலேயே எல்லோரும் அதையே பார்ப்பதுபோல் இருந்தது.

டிரைவர் இசக்கிராஜா எழுந்தான்.

"வெறுந்தாள் என்னோடது மேடம். எழுதக் கை வரல. மூணாம் நம்பர் வண்டி ரிவர்ஸ் வந்தா சத்தம் வரணும்லா? எஞ்சின் சூடாச்சுன்னா அந்தச் சத்தம் நின்னு போவும். காலைல சோதிச்சா ஒழுங்கா அடிக்கும். அண்ணாச்சி கண்டுபிடிச்சாரு. அன்னைக்கு இதச் சொல்லத்தான் கையத் தூக்குனாரு. அவர அடிச்சதும் அந்த வண்டிதான்."

"இப்ப அந்த வண்டிய யாரு ஓட்டுதா?" என்று கேட்டாள் ஐஸ்வர்யா.

"நாந்தான்."

ஐஸ்வர்யா பலகையில் எழுதினாள்: மூன்றாம் எண் வண்டி நிறுத்தம். பொறுப்பு: விஜயராஜ். தேதி: இன்று. நேரம்: பத்தேகால். சூடான எஞ்சினில் சோதித்த பிறகே மறுபடி ஓட்டம். சரிபார்ப்பவர்: இசக்கிராஜா.

விஜயராஜ் அதன் கீழே கையெழுத்திட்டு, இசக்கிராஜாவிடம் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

"எவ்வளவு நேரமாச்சு மேடம், இத எழுத?" என்றான் இசக்கிராஜா.

"ரெண்டு நிமிஷம். அன்னைக்கு அண்ணாச்சிக்கு நான் கொடுக்காத ரெண்டு நிமிஷம்."

அவன் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை.