காய்ந்துபோன க்ரீம்

வள்ளி டப்பாவை மேசையில் தட்டென்று வைத்தார். "கெட்டுப்போச்சாம்! ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அரைச்ச நலங்கு மாவு, கெட்டுப்போச்சாம்! எவன் சொன்னான்?"

செங்கம் ரோட்டில், ஒரு ஓட்டலுக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் இளஞ்செழியனின் ஆன்லைன் அழகுப்பொருள் கடை. கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கோபம் வள்ளியின் முகத்தில் இன்னும் ஆறவில்லை. பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் காயவைத்து, உடம்புக்குத் தேய்க்கும் நலங்கு மாவாக அரைப்பது அவர். விற்பது இளஞ்செழியன். படங்கள் செய்வது உம்மே ஹானி.

"நான் சொல்லலக்கா, கஸ்டமர் சொல்றாங்க," என்று இளஞ்செழியன் போனை நீட்டினார். பதினோரு விமர்சனங்கள், எல்லாமே ஒற்றை நட்சத்திரம். 'காய்ந்துபோன க்ரீம்.' 'திறந்ததும் தூளா உதிருது, ஏமாத்து.' "இப்டியே போச்சுன்னா உங்க சரக்க கடையிலேர்ந்து எடுத்துட வேண்டியதுதான். படம்லாம் நல்லாத்தான் வந்துச்சு. ஹானியோட ஏஐ கொஞ்சம் ஜாஸ்தியா பண்ணிடுச்சோ என்னவோ."

ஹானி மடிக்கணினியில் கடைப் பக்கத்தைத் திறந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பீச் நிறப் பின்னணி அவளுடையது. டப்பாவும் அவள் எடுத்ததுதான். ஆனால் அதன் பக்கத்தில், வெண்ணெயைக் கரண்டியால் இழுத்ததுபோல் பளபளவென்று ஒரு க்ரீம் தடவல்! தூளுக்குத் தடவல் ஏது?

இந்தப் படங்களை அவள் செய்யும் விதமே வேறு. படம் வரையும் அந்த ஏஐ இயந்திரத்துக்கு நலங்கு மாவு தெரியாது. அழகுப்பொருள், தடவல் என்றால் அது பார்த்த லட்சம் படங்களில் இருந்ததைத்தான், அதாவது க்ரீமைத்தான், வரையும். ஆகவே பொருளை அவள் அதனிடம் கேட்பதே இல்லை. டப்பாவையும், பக்கத்தில் ஒரு சிட்டிகை தூளை விரலால் இழுத்த கோட்டையும் ஜன்னலோரம் வெள்ளை அட்டையில் வைத்து, நேர் மேலிருந்து தானே படமெடுப்பாள். இயந்திரத்திடம் கேட்பது வெறும் தரையை மட்டும். நேர் மேலிருந்து பார்க்கும் வெளிர் பீச் காகிதம், இடது மேல்மூலையிலிருந்து மெல்லிய திரை வழியாக வரும் வெளிச்சம், நடுவில் காலி இடம், எழுத்து எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கேட்பாள். வந்த தரையின்மேல் தன் படத்திலிருந்து டப்பாவையும் தூள் கோட்டையும் வெட்டி ஒட்டுவாள். திரை வழியாக என்று ஏன் எழுத வேண்டும்? வெளிச்சம் வரும் பரப்பு பெரிதானால்தான் நிழலின் ஓரம் கத்தி வெட்டியதுபோல் நிற்காமல் மெதுவாகக் கரையும். இடது மேல் என்று ஏன்? அவள் ஜன்னல் வெளிச்சம் டப்பாவில் விழுந்த பக்கம் அதுதான். இரண்டும் ஒத்துப்போனால்தான் டப்பா காகிதத்தின்மேல் உட்காரும், இல்லையென்றால் மிதக்கும்.

"அண்ணா, இங்க பாருங்க," என்றாள். "டப்பா நிழல் எந்தப் பக்கம் விழுது?"

"வலது பக்கம்."

"இந்த க்ரீம் நிழல்?"

வள்ளி எட்டிப் பார்த்தார். "இடது பக்கம். ஏன் ஹானி, அந்த ரூம்ல மட்டும் ரெண்டு சூரியனா?"

"அதான்க்கா கேக்கறேன். இது என் படமில்ல. தூள் கோட்ட எடுத்துட்டு, வேற எங்கயோ பண்ணுன க்ரீம இங்க ஒட்டியிருக்கு. யாரு ஒட்டுனது?"

இளஞ்செழியன் நாற்காலியில் நெளிந்தார். "தூளு பார்க்க மண்ணு மாதிரி டல்லா இருந்துச்சும்மா. எல்லா கடையிலயும் க்ரீமாத்தான் போடறாங்க. போன்லயே ஏஐகிட்ட சும்மா ஒண்ணு கேட்டு ஒட்டி வச்சேன். ஒரு அழகுக்குத்தானே."

"அழகுக்கா?" வள்ளியின் குரல் கீழே ஓட்டல்வரை கேட்டிருக்கும். "நான் க்ரீம்னு எப்பங்க சொன்னேன்? உங்க அழகுக்கு எம்பேரு நாறணுமா?"

"என்மேல வேற போட்டீங்க," என்றாள் ஹானி. "ஏஐ ஜாஸ்தியா பண்ணிடுச்சுன்னு. அதுவா பண்ணல. நீங்க கேட்டீங்க, அது குடுத்துச்சு."

"சரி, சரி. பழைய படத்த மறுபடி ஏத்திடு. விஷயம் முடிஞ்சுது."

ஹானி மடிக்கணினியை மூடினாள். "இன்னும் முடியல. அந்தப் பதினோரு பேருக்கும் பதில் எழுதுங்க. சரக்கு கெடல, அது தூளுதான், படம் தப்புன்னு. எழுதுனப்புறம் படம் தரேன்."

"கடை பேரு என்னாவும்?"

"அக்கா பேரு இப்ப என்னா ஆச்சோ, அதான்."

இளஞ்செழியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, தட்டத் தொடங்கினார். வள்ளி நாற்காலியை இழுத்து அவர் தோளை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

"'சின்ன தொழில்நுட்பக் கோளாறு'ன்னா போடறீங்க?" என்றார். "அழிங்க அத. 'நான் மாத்துனேன்'னு போடுங்க."