நாற்பதுக்கு ஒன்று

"ஒரு மாட்டுக்கு நாலடி அகலம் போதுமா, மேஸ்திரியம்மா?"

"போதும். அஞ்சு குடுத்தா குறுக்க திரும்பி நின்னு பக்கத்து மாட்டோட தீனியப் புடுங்கும்."

"நீளம்?"

"தொட்டிலேருந்து வாய்க்கால் வரைக்கும் அஞ்சரை அடி. அதுக்கு மேல போனா சாணி படுக்கிற இடத்துல விழும். குறைஞ்சா பின்னங்கால் வாய்க்காலுக்குள்ள நிக்கும்."

"சரிவு?"

"அது உங்க தொழிலாச்சே, லெவல் சார்."

"நாற்பதுக்கு ஒண்ணு. நாற்பது அங்குலம் போனா ஒரு அங்குலம் இறங்கும். இன்னும் கொஞ்சம் கூட்டிடவா? தண்ணி சிட்டாப் பறக்கும்."

"ஐயோ, வேணாம். எந்நேரமும் பின்பக்கம் தாழ்ந்தே நின்னா சினை மாட்டுக்குக் கருப்பை வெளிய தள்ளிடும். நான் என்ன மலையேறவா மாடு வளர்க்கிறேன்?"

அவன் சிரித்துவிட்டு அழிரப்பரால் ஒரு கோட்டை அழித்தது, அந்தத் துகளை அவள் ஊதித் தள்ளியது, சாப்பாட்டு மேஜையில் குழம்புக் கிண்ணத்தை நகர்த்திவிட்டுப் படத்தை விரித்தது எல்லாம் கோடையில் நடந்தவை. சாலை போடும் கம்பெனியில் மட்டம் பார்ப்பவன் அவன். வேலையிடத்தில் எல்லோரும் 'லெவல் சார்' என்பார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு கறவை மாடுகளை வைத்து வீட்டில் பாதிச் செலவைத் தாங்குகிறவள் அவள். அளவு சொல்லும் தோரணையைப் பார்த்து அவன் வைத்த பெயர்தான் மேஸ்திரியம்மா.

மறுநாள் காலையில் இருவரும் டேப்போடு போய், இருப்பதிலேயே பெரிய உடம்புக்காரியான கறுப்பியை அளந்தார்கள். அவன் டேப்பின் நுனியைப் பிடித்திருக்க, கறுப்பி அவன் காதை நக்கியது.

"உன் சொந்தக்காரிக்கு என்மேல ஒரு கண்ணு."

"அவளுக்கு உப்புன்னா உசுரு. குளிச்சிட்டு வாங்க, திரும்பிக்கூடப் பார்க்கமாட்டா."

தீனித்தொட்டியில்தான் கொஞ்சம் சண்டை வந்தது. குனியாமல் தின்னட்டுமே என்று அவன் உயரமாக வரைந்திருந்தான். மாடு மேயும்போது தலையைத் தாழ்த்தித்தானே மேய்கிறது என்றாள் அவள். தொட்டியின் அடித்தளம் மாடு நிற்கும் தரையைவிட நாலங்குலம் மட்டும் உயரம். மாட்டுப் பக்கச் சுவர் ஒன்றரை அடி. எதிர்ப்பக்கம் தீனி வெளியே சிந்தாதபடி கொஞ்சம் கூடுதல். பின்னால் ஓரடி அகலத்தில் ஆழமில்லாத வாய்க்கால். ஆழம் வைத்தால் குளம்பு மாட்டிக் கால் பிசகும். தளம் வழுக்காமல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அவன் ஏன் என்று கேட்டான், அவள் சொன்னாள், அவன் வரைந்தான்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவளுக்கென்றே அவன் வரைந்த முதல் படம் அது. வேறு பெண்களுக்கு வளையலோ புடவையோ எப்படியோ, அவளுக்கு அந்தத் தாள் அப்படி இருந்தது.

பழைய கொட்டகை மண் தரை. எவ்வளவு கூட்டினாலும் மூத்திரம் குட்டையாக நிற்கும். அதிலேயே படுத்துப் படுத்து, போன மழைக்காலத்தில் சீமாட்டி என்ற பசுவுக்கு மடிநோய் வந்து ஒரு காம்பு செத்துப் போனது. கறுப்பிக்குக் குளம்பிடுக்கு அழுகி, நொண்டி நொண்டி நடந்தது. இப்போது கறுப்பி நிறைசினை. அடுத்த மழைக்கு முன்னால் ஆறும் காய்ந்த தரையில் படுக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

சுவர் எழும்பிக் கூரைத் தகடும் ஏறிய சமயத்தில் அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தளம் போடுவதற்குள் வந்துவிடலாம் என்று கிளம்பினாள். அம்மாவுக்குக் கண்ணில் கட்டு அவிழ்க்கத் தாமதமாயிற்று. தினமும் போனில் கேட்டாள்.

"தளம் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சரிவு?"

"எல்லாம் நீ சொன்னபடிதான். நிம்மதியா இரு."

நிம்மதியாகத்தான் இருந்தாள்.

திரும்பி வந்த அன்று பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேரே புதுக் கொட்டகைக்குப் போனாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். கொத்தனார் வெளிச்சுவரில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார்.

உள்ளே தரை பளபளவென்று இருந்தது. கரண்டியால் இழைத்து இழைத்து மெழுகிய தரை. இதில் மாடு கால் வைத்தால் இடுப்பு ஒடிந்துவிடும். தொட்டி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுவர். வாய்க்கால் இல்லை. பின்னால் வைத்திருக்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்தாள். இல்லை.

குழாயடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டிப் பக்கச் சுவரோரமாக ஊற்றினாள். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. நாலாபக்கமும் சோம்பலாகப் பரவி அப்படியே நின்றது. அதில் கூரைத் தகடு தெளிவாகத் தெரிந்தது. அவள் முகமும்.

"அண்ணே, இங்க வாங்க. இது என்ன தளம்?"

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தண்ணிய ஊத்திட்டீங்க? நல்லாத்தானே இருக்கு. ரசமட்டம் வெச்சுப் பாருங்க, குமிழி நடுவுல நிக்கும்."

"அதான் கேக்கிறேன். ஏன் நடுவுல நிக்குது? நாற்பதுக்கு ஒண்ணு இறக்கம் எங்க? வாய்க்கால் எங்க? தப்பு பண்ணிட்டு நல்லாருக்குன்றீங்க!"

"தப்பா? சார் கூடவே நின்னாரும்மா. அவரே மட்டம் பார்த்துக் குடுத்தாரு. குடோனுக்கு எதுக்கும்மா சரிவு? சரிவுல பலகை அடுக்கினா சாயுமே."

"எந்த குடோனுக்கு?"

கொத்தனார் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார். அவளும் அப்போதுதான் வாசலைப் பார்த்தாள். மாடு நுழைய நாலடி போதும் என்று வரைந்த வாசல் எட்டடியாக விரிந்திருந்தது. மேலே ஷட்டர் மாட்டுவதற்கான இரும்புப் பெட்டி.

"பெரியவர் வந்து அளவு சொன்னாரும்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றார் கொத்தனார், தரையைப் பார்த்தபடி.

பெரியவர் என்றால் அவள் கணவனின் அண்ணன். அடுத்த தெருவில் பிளைவுட் கடை. அப்பா போனபிறகு தம்பியைப் படிக்கவைத்தவர். அதை மறக்கிறவரும் அல்ல, மறக்க விடுகிறவரும் அல்ல. கல்யாணமான புதிதில் இருவரும் மலைக்குப் போகக் கிளம்பிய காலையில், கடையில் ஆள் இல்லையென்று கூப்பிட்டார். அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனான். குழந்தைக்கென்று அவள் வெள்ளையடித்து வைத்த மாடியறையில் அவருடைய கதவுச் சட்டங்கள் வந்து குவிந்தன. குழந்தை வரவில்லை; சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தொண்டைவரை வரும். கேட்டுவிட்டால் வீடு இரண்டாகிவிடுமோ என்று விழுங்கிவிடுவாள். விழுங்கி விழுங்கி அது பழகிப்போயிருந்தது.

சாயங்காலம் அவன் வந்தான். அவள் அம்மாவின் கண்ணைப் பற்றி விசாரித்தான். காபி குடித்தான். கொட்டகையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"தளத்துல தண்ணி நிக்குது," என்றாள்.

"அப்படியா?" டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கொத்தனார் சொதப்பிட்டான் போல. நான் பேசறேன்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. அதுவரைகூட, கொத்தனாருக்கு ஏதோ குழப்பம் என்று நம்ப அவள் தயாராக இருந்தாள்.

"மைல் கணக்கா ரோட்டுல ஒரு நூல் பிசகினா கண்டுபிடிக்கிறவர் நீங்க. உங்க வீட்டுக் கொல்லையில கொத்தனார் சொதப்பினது தெரியலியா?"

அவன் ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தான்.

"அந்தாளு பாவம். அவர்மேல ஏன் போடறீங்க? நீங்களே மட்டம் பார்த்துக் குடுத்தீங்களாமே."

"அண்ணன் கேட்டாரு. கடை குடோனைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளைக்குத்தான்..."

"கொஞ்ச நாளைக்கு எட்டடி ஷட்டரா?"

"உனக்கு வேற ஒண்ணு கட்டித்தரேன். பழைய கொட்டகை இன்னொரு வருஷம் தாங்கும்."

"கறுப்பி தாங்குவாளா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"போன்ல நல்லாத்தான் சொன்னீங்க. எல்லாம் நீ சொன்னபடிதான்னு. நான் அதை எங்கம்மாகிட்டச் சொல்லி, ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்." குரல் உடைவது தெரிந்து நிறுத்திக்கொண்டாள். "ஒவ்வொரு அளவுக்கும் ஏன் ஏன்னு கேட்டீங்களே. ஏன்னு தெரியாம பண்ணியிருந்தா மன்னிச்சிருப்பேன். கத்துக்கிட்டே பண்ணீங்க."

அவள் எழுந்துபோய்ப் பழைய கொட்டகையில் சாணி அள்ளினாள். கறுப்பி வலது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

காலையில் கொத்தனார் சீக்கிரமே வந்துவிட்டார். கறுப்பியை வெயிலில் கட்ட ஓட்டி வந்த அவளிடம் அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

"கெட்டுப்போகலம்மா. தளத்தைக் கொத்திவிட்டு மேல இன்னொரு தளம் போடலாம். தொட்டிப் பக்கம் தடிப்பா, பின்பக்கம் குறைச்சு இழுத்துட்டு வந்தா இறக்கம் கிடைச்சிடும். வாய்க்காலுக்கு மட்டும் ஓரடி விட்டுட்டு, அதுக்குள்ள கலவையால ஓட்டம் குடுத்துடுவேன். தொட்டி கட்டறது பெரிய விஷயமில்ல. ஆனா உள்ள எதுவும் இறங்கக்கூடாது. சரக்கு இறங்கிடுச்சுன்னா அப்புறம் யாரு நகர்த்துவா?"

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சந்து முனையில் லாரி திரும்பியது. முன்சீட்டில் பெரியவர். பின்னால் பிளைவுட் கட்டு கட்டாக.

"என்னம்மா, வந்தாச்சா? அம்மா கண்ணு எப்படி?" என்று இறங்கியவர், கொட்டகை வாசலில் நின்ற தம்பியின் பக்கம் திரும்பினார். "டேய், தளம் சூப்பர்டா! படுத்தா தூக்கம் வரும் போல. சரி, ஆளுங்க நிக்கறாங்க. தார்ப்பாயை எடு, இறக்கிடலாம்."

ராத்திரி வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த தார்ப்பாயின் கயிற்றில் அவன் கை போனது. ஏழு வருஷமாக அந்தக் குரல் கேட்டதும் போகும் கை. முடிச்சின்மேல் போய் நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அவள் கறுப்பியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். கறுப்பி புண்காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல், நுனிமட்டும் தொட்டபடி நின்றது.

"என்னடா யோசனை? பொண்டாட்டி உத்தரவு வேணுமா?" பெரியவர் சிரித்தார். லாரிமேல் நின்ற ஆட்களும் சிரித்தார்கள்.

வழக்கம்போல ஒன்று அவளுக்குத் தொண்டைவரை வந்தது. வழக்கம்போல விழுங்கப் பார்த்தாள். இந்தமுறை அது இறங்கவில்லை.

"என்னங்க," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் அவனை மட்டும் பார்த்தாள்.

"மலைக்குப் போகாம பெட்டிய இறக்கினீங்களே, அன்னிலேருந்து உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். கொட்டகை கேக்கல. வேற எதுவும் கேக்கல. உங்க அண்ணன்கிட்ட ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுங்க. எனக்காக. நான் பார்த்துட்டு நிக்கும்போதே சொல்லுங்க."